பத்து சதவீதம் காப்பி அடிக்கலாமா?

"பத்து பர்சென்ட் வரைக்கும் காப்பி அடிக்கலாம்டா, யூஜிசியே சொல்லிடுச்சு."

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரம் போகிற காலை பஸ்ஸில் இதைக் கேட்காத மாணவர் குறைவு. காட்டுமன்னார்கோயில் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். மடியில் பாதி எழுதின அசைன்மென்ட், கையில் செல்போன், செல்போனில் யாரோ எழுதி முடித்த விடை. சொல்கிறவர் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை இருக்கும். நானும் ரொம்ப நாள் இது உண்மை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா மகள் (எனக்கு அக்கா) எம்.எஸ்சி. ஆய்வேடு எழுதும்போது அந்த விதிமுறையை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். அப்போதுதான் தெரிந்தது, பஸ்ஸில் பேசுகிற விதியும் தாளில் இருக்கிற விதியும் வேறு வேறு என்று.

முதலில் தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கல்வி நேர்மை பற்றியும் எழுத்துத் திருட்டைத் தடுப்பது பற்றியும் ஒரு விதிமுறை வெளியிட்டது. அதில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு அதிகபட்சம் ஆறு மாதம். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து.

நம் ஆட்கள் இந்தப் படிக்கட்டின் முதல் படியை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள். அதே தாளின் தொடக்கத்தில் சொற்களுக்கு விளக்கம் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. எல்லோரும் தாண்டிப் போகிற பக்கம் அது. இந்த விதி எந்த எழுத்துக்குப் பொருந்தும் என்று அங்கேதான் சொல்லியிருக்கிறார்கள்: முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்காகக் கொடுக்கும் ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, புத்தகம், புத்தகத்தின் அத்தியாயம், இந்த மாதிரி. அதோடு நிறுத்தவில்லை. அசைன்மென்ட், டெர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், வகுப்பு வேலை, விடைத்தாள் இவையெல்லாம் இதில் சேராது என்று வெளிப்படையாக விலக்கியும் இருக்கிறார்கள்.

ஆக, அக்காவின் ஆய்வேட்டுக்கு அந்த 10 சதவீதம் பொருந்தும். பஸ்ஸில் பேசின பையனின் அசைன்மென்ட்டுக்குப் பொருந்தாது. அவனுக்கு அவன் கல்லூரியின் விதி, அதற்குள் அவன் பாடத்தின் விதி, அதற்குள் அந்த அசைன்மென்ட் தாளின் தலைப்பில் எழுதியிருக்கிற இரண்டு வரி. அவ்வளவுதான்.

ஆய்வேட்டுக்கே கூட அந்தப் பத்து என்பது "திருட அனுமதி" இல்லை. முறையாக மேற்கோள் காட்டிய பகுதி, நூற்பட்டியல், நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், எல்லோரும் பயன்படுத்தும் சமன்பாடுகள் இவற்றையெல்லாம் கழித்த பிறகு, தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களுக்கு விட்ட இடம் அது. இன்னொன்று: எழுத்துத் திருட்டு என்றால் என்ன என்று அந்தத் தாளில் ஒரு விளக்கம் இருக்கிறது. அடுத்தவர் வேலையையோ கருத்தையோ எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவது. அந்த விளக்கத்தில் சதவீதமே கிடையாது!

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் இதுதான். நேர்மை விதியை வாசிக்கும்போது தண்டனைப் பக்கத்தைக் கடைசியில் பாருங்கள். "இது எந்த வேலைக்கு?" என்பதை முதலில் தேடுங்கள்.

இரண்டாவது, வினைச்சொற்களைப் பாருங்கள். "காப்பி அடிக்கக் கூடாது" என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நல்ல விதித்தாளில் அந்த ஒரு வார்த்தை நான்காகப் பிரிந்திருக்கும்: தேடுவது, பார்ப்பது, எடுத்துப் போடுவது, அடுத்தவருக்குக் கொடுப்பது. நான்கும் தனித்தனிச் செயல்கள். ஒன்றுக்கு அனுமதி இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் இருக்கலாம்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஹார்வர்டின் சி.எஸ்.50 பாடம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இணையத்தில் இலவசமாகப் படிக்கிற அதே பாடம்தான். அதன் நேர்மைப் பக்கத்தில் எது நியாயம், எது நியாயமில்லை என்று இரண்டு பட்டியல் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த சில வரிகளை உங்கள் ப்ரோக்ராமில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு நிபந்தனை: அந்த வரிகளே கொடுத்த கணக்குக்கான விடையாக இருக்கக் கூடாது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுத வேண்டும். அதே சமயம், கொடுத்த அசைன்மென்ட்டின் முழு விடையை இணையத்தில் தேடுவதே தவறு. கவனியுங்கள், தேடுவதே தவறு. எடுத்தாயா, மாற்றினாயா, பெயர் போட்டாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்வி. நண்பர் உங்கள் ப்ரோக்ராமைப் பார்த்துப் பிழையைச் சுட்டிக்காட்டலாம் (அவர் தன்னுடையதை முதலில் கொடுத்து முடித்திருக்க வேண்டும்). நீங்கள் முடிப்பதற்கு முன்னால் நண்பரின் விடையைக் கேட்டுப் பார்க்கக் கூடாது. உதவி ஒரு பக்கமாகத்தான் போகலாம்.

மூன்றாவது, "ஆனால்", "இல்லாவிட்டால்" என்று தொடங்கும் வால் பகுதி. ஆசிரியர் வெளிப்படையாக அனுமதித்தால் தவிர, மூலத்தைக் குறிப்பிட்டால் மட்டும், இப்படி வரும். அந்த வாலில்தான் நாம் எழுத வேண்டிய ஒப்புதலின் அளவு இருக்கிறது. நான்காவது, விதி எதுவுமே சொல்லாத இடம். அங்கே "சொல்லலையே, அப்போ ஓகே" என்று எடுத்துக்கொள்ளாமல், வேலையைத் தொடங்கும் முன் ஆசிரியரிடம் இரண்டு வரி எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. வாய்மொழியாகக் கேட்டால் செமஸ்டர் முடிவதற்குள் அவரும் மறந்துவிடுவார், நாமும் மறந்துவிடுவோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதையெல்லாம் ஒரு நிஜ அசைன்மென்ட்டில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. கல்லூரி பெயர் வேண்டாம். சி மொழியில் பைனரி சர்ச் எழுதச் சொல்லியிருந்தார்கள். மூன்று பகுதி: வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு எண்ணைத் தேடும் ஃபங்ஷன், எத்தனை ஒப்பீடு நடந்தது என்று எண்ணுவது, கடைசியாக ஒரே எண் பல தடவை வந்தால் முதலில் வரும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷன். தாளின் தலைப்பில் இருந்த விதி இவ்வளவுதான்: வேலை மாணவரின் சொந்த வேலையாக இருக்க வேண்டும், உதவி பெற்றிருந்தால் குறிப்பிட வேண்டும், இணையத்திலுள்ள விடைகளைப் பயன்படுத்தக் கூடாது.

மறுநாள் காலை கொடுக்க வேண்டும். முந்தின நாள் மாலை வந்து, "அண்ணா, கீழே 'இணையத்தின் உதவியுடன் செய்யப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டுட்டா போதும்ல?" என்றான். என்னவெல்லாம் செய்தாய் என்று உட்காரவைத்துக் கேட்டேன். நான்கு விஷயம் வெளியே வந்தது.

ஒன்று, பைனரி சர்ச் எப்படி வேலை செய்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்தான். இதற்கு யாரிடமும் தனியாக ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. புத்தகம் படிக்கத்தானே பாடம்.

இரண்டு, நடு இடத்தைக் கணக்கிடும் வரியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில் ஒன்றிலிருந்து எடுத்திருந்தான். அவன் முதலில் எழுதியது `(lo + hi) / 2`. அது பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 32 பிட் `int`-இல் அதிகபட்ச எண் 2147483647. `lo` 1500000000, `hi` 2000000000 என்று வைத்துக்கொண்டால் கூட்டல் 3500000000 வந்து எல்லையைத் தாண்டிவிடும். `lo + (hi - lo) / 2` என்று எழுதினால் 1500000000 + 250000000, அதாவது 1750000000. பிரச்சினை இல்லை. இந்தப் பிழை பெரிய ஆட்களையே ஏமாற்றியது. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே சுமார் ஒன்பது வருடம் இது இருந்ததை ஜோஷுவா ப்ளாக் 2006-இல் எழுதினார்.

இப்போது இது எல்லோருக்கும் தெரிந்த வரிதானே, சொல்ல வேண்டுமா என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் சொன்னது: உனக்கு முன்பே தெரிந்திருந்தால் வேண்டாம். இந்த அசைன்மென்ட்டைச் செய்யும்போது, இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் உன் வரியை மாற்றினாய். ஆகவே சொல்லிவிடு. இந்த ஒரு வரி கொடுத்த கணக்கின் விடை இல்லை, அதனால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. போதாததற்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதப்படுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எடுத்தால் எழுதியவரைக் குறிப்பிட வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனையும்கூட. கல்லூரி விதி ஒரு பக்கம், உரிமம் இன்னொரு பக்கம், இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்.

மூன்று, அவன் ப்ரோக்ராம் சில சமயம் முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏற்கனவே அசைன்மென்ட் கொடுத்து முடித்த வகுப்புத் தோழன் பார்த்துவிட்டு, `lo = mid` என்று எழுதியதுதான் காரணம் என்று சொன்னான். `lo` 4, `hi` 5 என்றால் `mid` 4 வரும். `lo = mid` போட்டால் மறுபடியும் 4. நகரவே நகராது. `mid + 1` என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. இது பிழையைச் சுட்டிக்காட்டிய உதவி. தோழன் தன் ப்ரோக்ராமைக் காட்டவில்லை. குறிப்பிட்டால் போதும்.

நான்கைச் சொல்லும்போது குரல் இறங்கியது. மூன்றாவது பகுதி வராமல், கேள்வியை அப்படியே கூகுளில் போட்டிருக்கிறான். கிட்ஹப்பில் அதே அசைன்மென்ட்டை முந்தைய வருடம் யாரோ செய்து ஏற்றி வைத்திருந்தார்கள். அதைத் திறந்து முழு ஃபங்ஷனையும் பார்த்து, பெயர்களை மட்டும் மாற்றி எழுதிவிட்டான்.

இந்த இடத்தில்தான் அந்த "இணையத்தின் உதவியுடன்" என்ற ஒரு வரி உதவாமல் போகிறது. நம்மில் பலரும் குழப்பிக்கொள்வதும் இங்கேதான். உதவியை ஒப்புக்கொள்வது ஒரு விஷயம், அந்த உதவிக்கு அனுமதி இருப்பது வேறு விஷயம். மூலத்தைக் குறிப்பிட்டால், அடுத்தவர் வேலையைத் தன்னுடையதாகக் காட்டினான் என்ற பழி போகும். இணைய விடையைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை மீறியது போகாது. இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒரு சாவியை வைத்துக்கொண்டு இரண்டையும் திறக்க முடியாது.

பெயரை மாற்றினால் தெரியாது என்று நினைப்பதும் பழைய கதை. ஸ்டான்ஃபோர்டின் மாஸ் என்ற கருவி 1990-களிலிருந்தே இருக்கிறது. அது ப்ரோக்ராமின் அமைப்பைத்தான் ஒப்பிடும், `low` என்பதை `kizh` என்று மாற்றினால் அதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை :-) ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. இரண்டு ப்ரோக்ராம் எங்கே ஒத்திருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். யார் யாரைப் பார்த்தார்கள், ஏன் ஒத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பைனரி சர்ச் மாதிரி சின்ன ஃபங்ஷன்கள் நேர்மையாக எழுதினாலே ஒத்துப்போகும். ஆசிரியர் சந்தேகப்பட்டுக் கூப்பிடும்போது, முன்கூட்டியே எழுதிய குறிப்பு உங்கள் பக்கம் பேசும். அதற்குப் பிறகு எழுதுகிற குறிப்பு சமாளிப்பாகத்தான் தெரியும்.

தம்பிக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. மறைத்துக் கொடுப்பது. மூன்றாவது பகுதியை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் கொடுப்பது. அல்லது எல்லாவற்றையும் கொடுத்து, நடந்ததை அன்றிரவே ஆசிரியருக்கு எழுதுவது. அந்தப் பகுதிக்கு மதிப்பெண் பத்துக்கு நான்கு. அவனுக்கு ஏற்கனவே இன்டர்னல் குறைவு, நான்கு போனால் வலிக்கும். "அழிச்சிட்டு நானே புதுசா எழுதிடறேன்" என்றான். பார்த்த விடையை மனதிலிருந்து அழிக்க முடியாதே, பார்த்தேன் என்பதைச் சொல்லாமல் புதிதாக எழுதினாலும் பாதி மறைத்த மாதிரிதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் எழுதலாம் என்றான்.

ப்ரோக்ராமின் மேல் பகுதியில் அவன் வைத்த குறிப்பு இது:

```c
/* உதவி விவரம்
   1. mid வரி: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்
      (முகவரி, எழுதியவர், பார்த்த நாள்).
      எல்லை தாண்டாமல் இருக்க மாற்றினேன்.
   2. lo = mid பிழை: வகுப்புத் தோழர் சுட்டினார்.
      mid + 1 என்று திருத்தியது நான்.
   3. first_pos(): இதே கேள்விக்கான முழு விடையை
      கிட்ஹப்பில் பார்த்த பின் எழுதியது (முகவரி).
      இது என் சொந்த வேலை அல்ல.
   மற்ற பகுதிகள் நானே எழுதியவை. */
int mid = lo + (hi - lo) / 2;
```

நிஜத் தாளில் அடைப்புக்குள் முழு முகவரியும் தோழரின் பெயரும் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு எண்ணிலும் மூன்று தகவல் இருக்கிறது: எந்த இடம், எங்கிருந்து, அதை வைத்து நான் என்ன செய்தேன். "நண்பர்கள் மற்றும் இணையத்தின் உதவியுடன்" என்ற வரியில் இந்த மூன்றும் இல்லை. அதைப் படிக்கிற ஆசிரியருக்கு எதற்கு மதிப்பெண் போடுவது, எதற்குப் போடக் கூடாது என்று தெரியாது. இன்னொரு பிழையும் நம்மிடையே உண்டு. சின்ன உதவியை விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் பெரிய உதவியை விட்டுவிடுவது. முதல் இரண்டை மட்டும் எழுதி மூன்றாவதை விட்டிருந்தால், எதுவும் எழுதாமல் இருந்ததை விட அது மோசம். நேர்மையானவன் என்று நம்பவைத்து ஏமாற்றியதாக ஆகிவிடும்.

குறிப்போடு நிறுத்தாமல் ஆசிரியருக்கு நான்கு வரி மின்னஞ்சலும் அனுப்பினான். மூன்றாவது பகுதி விதிக்கு உட்படாது என்று தெரியும், மதிப்பெண் கேட்கவில்லை, முடிந்தால் நானே மறுபடி எழுதிக் காட்டுகிறேன் என்று. மன்னிப்புக் கதை, வீட்டுக் கஷ்டம் எதுவும் இல்லாமல்.

மூன்றாவது பகுதிக்கு ஆசிரியர் சுழியம் போட்டார். மற்ற இரண்டுக்கும் முழு மதிப்பெண். அடுத்த வாரம் ஆய்வகத்தில் வெற்றுத்தாளில் `first_pos()` எழுதச் சொன்னார். முக்கால்வாசி எழுதினான், கடைசி நிபந்தனையில் தடுமாறினான். சுழியம் சுழியமாகவே இருந்தது. புகார் மேலே போகவில்லை. எல்லா ஆசிரியரும் இப்படி நடந்துகொள்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சில இடங்களில் சொன்னதற்காகவே விசாரணை வைப்பார்கள். தானாக முன்வந்து சொல்வதை விதியிலேயே எழுதி வைத்திருக்கிற இடங்களும் உண்டு. அதே சி.எஸ்.50-இல், தவறு செய்த மாணவர் 72 மணி நேரத்துக்குள் தானே வந்து சொன்னால், பாடத்தின் அளவில் நடவடிக்கையோடு முடியும், திரும்பத் திரும்பச் செய்தால் தவிர மேலே அனுப்ப மாட்டார்கள் என்று 2014-இலிருந்து ஒரு பிரிவு இருக்கிறது. அது ஹார்வர்டு விதி, நம் கல்லூரியில் காட்டி உரிமை கேட்க முடியாது. ஆனால் உங்கள் விதித்தாளில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா, எத்தனை மணி நேரம் என்று பிரச்சினை வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

கடைசியாக, பலர் கேட்கும் என்.பி.டி.இ.எல். விஷயம். வாரா வாரம் அசைன்மென்ட், வந்த அன்றே யூட்யூபிலும் டெலிகிராமிலும் விடை. அங்கே பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். உதவி விவரம் எழுத இடமே கிடையாது. ஆகவே அங்கே கணக்கு எளிது: சொல்ல இடமில்லாத உதவியை ஒப்புக்கொண்டு சரிசெய்யவும் முடியாது. அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75, இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சம் வாங்கினால்தான் சான்றிதழ். 25-ஐ டெலிகிராமில் வாங்கினவர் 75-இல் 30 எடுக்கத் தேர்வு மையத்தில் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

அக்கா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். ஒப்புமை எத்தனை சதவீதம் வந்தது என்று கேட்டேன். "அதை விடு, மேற்கோள் குறி போட மறந்த இடம் எதுவும் இல்லைன்னு நானே உட்கார்ந்து பார்த்துட்டேன்" என்றாள்.

உங்கள் கல்லூரி அசைன்மென்ட் தாளின் தலைப்பில் என்ன இரண்டு வரி இருக்கிறது? இன்றைக்கு ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.